பெற்றோர் சந்திப்பைத் தள்ளிவைக்கும் குறிப்பை எழுதுவது எப்படி? புது ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறை

பெற்றோர் ஆசிரியர் சந்திப்பைத் தள்ளிவைக்க வேண்டிய நாள் எல்லா வகுப்பாசிரியருக்கும் வரும். குறிப்பு எழுதுவது பத்து நிமிட வேலைதான். ஆனால் அதை அனுப்பிய பிறகு "அப்போ சனிக்கிழமை வரணுமா, வேண்டாமா டீச்சர்?" என்று இரவு பத்து மணி வரை போன் வந்தால், குறிப்பில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

ஓர் உதாரணத்தை முழுதாகச் செய்து பார்ப்போம். திருப்பூரில் ஒரு பள்ளி. ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவில் 34 பிள்ளைகள். நவம்பர் 22, சனிக்கிழமை காலை பெற்றோர் சந்திப்பு என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. மழைக்கு விட்ட விடுமுறையை ஈடுகட்ட அந்தச் சனிக்கிழமை வேலைநாள் என்று இப்போது அறிவிப்பு வந்திருக்கிறது. பாடமும் நடத்திக்கொண்டு பெற்றோரையும் பார்க்க முடியாது. இன்று நவம்பர் 18, செவ்வாய்.

படி 1: எழுதுவதற்கு முன் கணக்குப் போடுங்கள்

ஒரு பெற்றோருக்கு 10 நிமிடம் வையுங்கள். பேச்சு ஏழு நிமிடம். விடைத்தாளைக் காட்டுவது, கையெழுத்து வாங்குவது, அடுத்தவர் வந்து உட்காருவது எல்லாம் மூன்று நிமிடம். 34 பேருக்கு 340 நிமிடம், அதாவது கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். ஒரே காலையில் இது அடங்காது. "அடுத்த சனிக்கிழமை காலை வாருங்கள்" என்று மட்டும் எழுதினால் வராந்தாவில் கூட்டம் கூடும், பின்னால் நிற்பவர்கள் பார்க்காமலேயே திரும்பிப் போவார்கள்.

எந்த நேரங்களைக் கொடுப்பது என்பதை ஊர்தான் தீர்மானிக்கும். திருப்பூரில் பெற்றோர் பலருக்கு பனியன் கம்பெனி வேலை. ஒன்றரை ஷிப்ட் ஓடினால் இரவு எட்டரை ஆகிவிடும். சனிக்கிழமை சம்பள நாள், லீவு கேட்பது கடினம். அவர்களுக்கு மிஞ்சுவது ஞாயிறு. கடை வைத்திருப்பவருக்கும் அரசு வேலையில் இருப்பவருக்கும் வேறு நாள் வசதிப்படலாம். ஆகவே மூன்று நேரங்கள்:

புதன் (நவம்பர் 26) மாலை 4.30 முதல் 6.00 வரை, 9 பேர்.
சனி (நவம்பர் 29) காலை 9.30 முதல் 12.30 வரை, 18 பேர்.
ஞாயிறு (நவம்பர் 30) காலை 10.00 முதல் 12.00 வரை, 12 பேர்.

மொத்தம் 39 இடம். 34 பேருக்கு ஐந்து இடம் கூடுதல். தாமதமாக வருபவர்களுக்கு அது வேண்டும். நான்காவது, ஐந்தாவது நேரம் என்று கூட்டிக்கொண்டே போகாதீர்கள். தேர்வு அதிகமானால் பதில் குறையும், உங்கள் ஞாயிறும் மாலைகளும் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளியைத் திறக்கத் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிய பிறகே அந்த வரியை எழுதுங்கள். வாட்ச்மேன் வருவாரா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

படி 2: முதல் வரியிலேயே மாற்றத்தைச் சொல்லுங்கள்

நம் சுற்றறிக்கைகள் "இதன்மூலம் தெரிவித்துக்கொள்வது யாதெனில்" என்று தொடங்கி, நான்காம் வரியில்தான் விஷயத்துக்கு வரும். பெற்றோர் இதை வாட்ஸ்அப்பில், வேலைக்கு நடுவே, மேலோட்டமாகப் பார்க்கிறார்கள். முதல் இரண்டு வரியில் "22ஆம் தேதி இல்லை" என்பது கண்ணில் பட வேண்டும்.

காரணம் ஒரே வாக்கியம் போதும். "தவிர்க்க முடியாத காரணத்தால்" என்பதை நான் எழுதவே மாட்டேன். அதைப் படித்ததும் குழுவில் ஊகங்கள் கிளம்பும். சொந்தக் காரணமாக இருந்தாலும் "அன்று நான் விடுப்பில் இருக்கிறேன்" என்றால் முடிந்தது, விளக்கம் தேவையில்லை.

தேதியோடு கிழமையையும் சேர்த்தே எழுதுங்கள். "வரும் சனி", "அடுத்த சனி" இரண்டையும் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்வார்கள். எழுதி முடித்ததும் காலண்டரை எடுத்துத் தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் சிலர் தேதியை நம்பி வருவார்கள், சிலர் கிழமையை நம்பி வருவார்கள்.

படி 3: குறிப்பை எழுதுங்கள்

> அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.
>
> நவம்பர் 22, சனிக்கிழமை நடக்கவிருந்த 9 'ஆ' பிரிவு பெற்றோர் சந்திப்பு அன்று நடைபெறாது. மழை விடுமுறைக்கு ஈடாக அன்று பள்ளி வேலைநாள். உங்கள் பிள்ளை வழக்கம்போல் வகுப்புக்கு வர வேண்டும்.
>
> சந்திப்புக்கு மூன்று நேரங்கள் வைத்திருக்கிறேன்:
> 1. நவம்பர் 26, புதன், மாலை 4.30 – 6.00
> 2. நவம்பர் 29, சனி, காலை 9.30 – 12.30
> 3. நவம்பர் 30, ஞாயிறு, காலை 10.00 – 12.00
>
> உங்களுக்கு முதலில் வசதிப்படுவதையும், அது கிடைக்காவிட்டால் எது என்பதையும் கீழே உள்ள துண்டுச்சீட்டில் குறித்து, நவம்பர் 21, வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். நீங்கள் வர வேண்டிய சரியான நேரத்தை 24, திங்களன்று டைரியில் எழுதி அனுப்புகிறேன். பதில் வராதவர்களுக்கு மீதமுள்ள நேரத்தில் ஒன்றை நானே ஒதுக்கித் தெரிவிக்கிறேன்.
>
> அம்மா, அப்பா இருவராலும் வர முடியாவிட்டால் தாத்தா, பாட்டி அல்லது பாதுகாவலர் வரலாம். யாரும் வர வழியில்லை என்றால் சீட்டில் "போன்" என்று எழுதுங்கள், நானே அழைக்கிறேன்.
>
> இந்த மாற்றத்தால் ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறேன்.
>
> வகுப்பாசிரியர், 9 'ஆ'

"உங்கள் பிள்ளை வகுப்புக்கு வர வேண்டும்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். சந்திப்பு இல்லை என்றால் பள்ளியும் இல்லை என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அதேபோல, "மதிப்பெண் குறைந்தவர்களின் பெற்றோர் கட்டாயம் வரவும்" என்று பொதுக் குறிப்பில் எழுதவே கூடாது. யாரை அவசியம் பார்க்க வேண்டுமோ அவர்களைத் தனியாக அழைத்துச் சொல்லுங்கள்.

படி 4: இரண்டு வழியில் அனுப்புங்கள்

காகிதத்தில் டைரியோடு ஒன்று, வாட்ஸ்அப் குழுவில் ஒன்று. பதிலைத் துண்டுச்சீட்டில் மட்டும் வாங்குங்கள். குழுவில் கேட்டால் "ஓகே மேடம்" என்று முப்பது பதில் வரும், எதற்கு ஓகே என்று தெரியாது. தமிழ் படிக்கத் தெரியாத வடமாநிலப் பெற்றோர் இருந்தால், இந்தி தெரிந்த ஒருவரைக் கொண்டு அரை நிமிடக் குரல் பதிவு அனுப்புங்கள். எழுத்தை விட அது நன்றாகப் போய்ச் சேரும்.

படி 5: பதில்களைப் பிரியுங்கள்

இங்கேதான் இரண்டாவது விருப்பத்தைக் கேட்டதன் பயன் தெரியும். வெள்ளிக்கிழமை மாலை 28 சீட்டு வந்திருக்கிறது என்று வையுங்கள். 16 பேர் ஞாயிறைக் கேட்கிறார்கள், இடம் 12. ஞாயிறை மட்டும் குறித்து இரண்டாவதைக் காலியாக விட்டவர்களுக்கு முதலில் இடம் கொடுங்கள். அவர்களுக்கு வேறு வழியில்லை. அப்படி 7 பேர் என்றால் மிச்சம் 5 இடம். இரண்டாவதாகச் சனியைக் குறித்தவர்களில் நான்கு பேரைச் சனிக்கு மாற்றினால் கணக்கு சரியாகிவிடும். சீட்டு தராத ஆறு பேரைக் காலியாக உள்ள இடங்களில் போடுங்கள். ஆனால் திங்களன்று அவர்கள் பிள்ளைகளிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். பாதிச் சீட்டுகள் புத்தகப்பையின் அடியில்தான் கிடக்கும்.

அதே குடும்பத்தின் இன்னொரு பிள்ளை வேறு வகுப்பில் இருந்தால் அந்த ஆசிரியரோடு பேசி அடுத்தடுத்த நேரமாக வையுங்கள். ஒரே வாரத்தில் இரண்டு நாள் கூலியை இழக்கச் சொல்வது நியாயமில்லை.

படி 6: 22ஆம் தேதிக்கும் தயாராக இருங்கள்

என்ன எழுதினாலும் பழைய தேதியில் இரண்டு மூன்று பேர் வந்து நிற்பார்கள். முதல் நாளே கேட்டில் ஒரு தாள் ஒட்டி, வாட்ச்மேனிடமும் சொல்லிவையுங்கள். வந்தவரை அப்படியே திருப்பி அனுப்பாமல் இடைவேளையில் பத்து நிமிடம் பேசிவிட்டு, அவர் பெயரை அட்டவணையிலிருந்து அடித்துவிடுங்கள்.