நோட்டீஸ் காலத்தில் லீவு: மேனேஜரின் ஒப்புதல் மட்டும் போதாது

ராஜினாமா கொடுக்கும் முன்பே லீவு அப்ரூவ் ஆகிவிட்டது, அதனால் பிரச்சினை வராது என்று நம்புவதுதான் இதில் பெரிய தவறு. அந்த ஒப்புதல் நீங்கள் தொடர்ந்து வேலையில் இருப்பீர்கள் என்ற கணக்கில் தரப்பட்டது. வேலைப் பொறுப்பை ஒப்படைக்க ஆள் வேண்டும் என்று சொல்லி நிறுவனம் அதைத் திரும்பப் பெறலாம். அப்படி வந்த மறுப்பை மதிக்காமல் ஊருக்குக் கிளம்பினால், நியாயமான லீவுகூட அனுமதியில்லாமல் வராத நாள்களாகப் பதிவாகும்.

நோட்டீஸை நீட்டிப்பது வேறு விஷயம். அதற்கு நியமனக் கடிதத்தையும் லீவு பாலிசியையும் எடுத்துப் பாருங்கள். 'நோட்டீஸ் காலத்தில் எடுக்கும் விடுப்பு நாள்களுக்கு ஏற்ப நோட்டீஸ் நீளும்' என்று இருந்தால் அது நீங்கள் கையெழுத்திட்ட நிபந்தனை. அப்படி எதுவும் இல்லாவிட்டால், ஒப்புதலோடு எடுத்த லீவு நாள்களிலும் நீங்கள் பணியில்தான் இருக்கிறீர்கள், நோட்டீஸும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அப்போது நிறுவனம் நீட்டிக்கச் சொல்லிக் கேட்கலாம், தானாக முடிவெடுத்து நீட்டிக்க முடியாது.

ஓர் உதாரணம். சென்னையில் ஒரு மென்பொருள் ஊழியர் 2025 ஜூன் 2-ம் தேதி ராஜினாமா மெயில் அனுப்புகிறார். 60 நாள் நோட்டீஸ், அன்றிலிருந்தே கணக்கு. கடைசி நாள் ஜூலை 31. தங்கை கல்யாணத்துக்காக ஜூலை 7 முதல் 11 வரை ஐந்து நாள் லீவு ஏப்ரலிலேயே அப்ரூவ் ஆகியிருந்தது. மேனேஜர் வாய்வார்த்தையாக "போயிட்டு வாங்க" என்றார். கல்யாணம் முடிந்து வந்தபின், நீட்டிப்பு நிபந்தனையைக் காட்டிய ஹெச்.ஆர், ஐந்து வேலை நாள் கூட்டி, கடைசி நாள் ஆகஸ்ட் 7 என்றார். புதிய வேலையிலோ ஆகஸ்ட் 4-ம் தேதி சேர வேண்டும்.

ராஜினாமா மெயிலிலேயே இப்படி எழுதியிருக்கலாம்: "ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற ஜூலை 7–11 விடுப்பையும் சேர்த்து, என் கடைசி வேலை நாள் ஜூலை 31 என்பதை உறுதிசெய்யுங்கள்." பதில் ஹெச்.ஆரிடமிருந்து எழுத்தில் வர வேண்டும். போர்ட்டலில் தெரியும் அப்ரூவலில் கடைசி நாள் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது.

மாட்டிக்கொண்ட பிறகும் வழி உண்டு. ஐந்து நாளுக்கான நோட்டீஸ் தொகையைக் கட்டி விடுபட முடியுமா என்று கேளுங்கள். அந்தத் தொகை அடிப்படைச் சம்பளத்திலா, மொத்தச் சம்பளத்திலா என்பதும் கடிதத்தில்தான் இருக்கும். மாதம் 60,000 ரூபாய் மொத்தச் சம்பளம், 30,000 அடிப்படை என்றால், 30-ஆல் வகுக்கும்போது ஐந்து நாளுக்கு 10,000 அல்லது 5,000. பாக்கியிருக்கும் ஈட்டிய விடுப்பை இதில் கழிக்கச் சொல்லியும் கேட்கலாம், ஆனால் அதற்கு நிறுவனம் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், நீங்கள் கேட்ட லீவை நிறுவனம் மறுத்தால் அந்த மறுப்பையும் மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்டும் தராமல் விட்ட ஈட்டிய விடுப்புக்குக் கடைசிக் கணக்கில் பணம் கேட்க அந்த மெயில்தான் ஆதாரம்.