ஊருக்குப் போகும்போது மேப்பில் மாற்ற வேண்டியவை

கூகுள் மேப்ஸில் நீங்கள் எப்போதோ செய்துவைத்த விருப்பங்கள், விமானம் ஏறும்போது போனோடு சேர்ந்தே வந்துவிடுகின்றன. டொரொண்டோவில் 407 நெடுஞ்சாலையின் கட்டணத்துக்காக Avoid tolls என்பதை இயக்கி வைத்திருப்பீர்கள். இயக்கியதே மறந்துபோயிருக்கும். சென்னையில் இறங்கி "திருச்சி" என்று தேடினால், அதே விருப்பம்தான் இங்கும் வழியைத் தீர்மானிக்கும்.

மீனம்பாக்கத்திலிருந்து திருச்சிக்குச் சுமார் 320 கிலோமீட்டர். நாலுவழிச் சாலையில் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று ஆறு சுங்கச்சாவடிகள் வரும். நெரிசல் இல்லாவிட்டால் ஐந்தரை, ஆறு மணி நேரப் பயணம். Avoid tolls இயங்கிக்கொண்டிருந்தால், செயலி இந்தச் சாவடிகளைத் தவிர்க்கப் பார்க்கும். அதற்காக நெடுஞ்சாலையை விட்டு இறக்கி, ஊர்ச் சாலைகள் வழியாகக் கொண்டுபோகும். பகலில் அது வெறும் நேர விரயம். நள்ளிரவு விமானத்தில் வந்து இறங்கிய களைப்போடு, விளக்கில்லாத ஏரிக்கரைச் சாலையில் எதிரே கரும்பு லாரி வந்தால் ஒதுங்க இடம் இருக்காது. சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க அந்த வழி வேண்டவே வேண்டாம்.

புறப்படும் முன் பாருங்கள். வழியைக் காட்டும் திரையில் மூன்று புள்ளிகளைத் தொட்டு Options-க்குள் போனால் Avoid tolls இருக்கும். அதை அணையுங்கள். சரியாக அணைந்துவிட்டதா என்பது அடுத்த திரையிலேயே தெரியும்: அந்த வழியில் சுங்கம் உண்டு என்ற குறிப்பு வரும், பல வழிகளுக்கு உத்தேசத் தொகையையும் ரூபாயில் காட்டும். ஆறு மணி நேர வழிக்கு எட்டு, ஒன்பது மணி நேரம் காட்டுகிறது, சுங்கக் குறிப்பையே காணோம் என்றால் அது இன்னும் இயங்குகிறது என்று பொருள்.

வாடகைக் காராக இருந்தால் ஓட்டுநரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: "அண்ணே, ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கா?" சுங்கம் தானாகக் கழிய, கண்ணாடியில் ஒட்டிய அந்த வில்லை வேலை செய்யாவிட்டால் கூடுதல் கட்டணம் கட்ட நேரும். 2025 நவம்பர் 15 முதல் யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு.

அடுத்தது இருசக்கர வாகன முறை. இந்தியாவில் 2017 டிசம்பரில் வந்தது. நீங்கள் வாழும் நாட்டில் இதைப் பார்த்திராமல் இருக்கலாம். Directions தொட்டதும் மேலே வரிசையாக வரும் படங்களில் கார் படத்துக்குப் பக்கத்தில் பைக் படம் இருக்கும். மாமாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கோ மதுரை மாசி வீதிகளுக்கோ போகிறீர்கள் என்றால் இதுதான் சரி. கார் நுழையாத சந்துகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும், நேரமும் பைக்குக்கு ஏற்றபடி வரும். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் இருசக்கர வாகனங்களுக்குக் கட்டணம் கிடையாது, ஆகவே பைக்கில் போகும்போதும் Avoid tolls தேவையில்லை.

சிக்கல் மறுநாள் வரும். நேற்று ஸ்கூட்டருக்கு வைத்ததை மாற்றாமல் இன்று இன்னோவாவில் ஏறினால், இரண்டு திண்ணைகளுக்கு நடுவே போய்ச் சிக்கிக்கொள்ள நேரும். முன்னால் போகவும் முடியாது, பின்னால் எடுக்கவும் ஆள் இறங்கி வழி சொல்ல வேண்டும். Start தொடும் முன் மேலே எந்தப் படம் தேர்வாகியிருக்கிறது என்று ஒருமுறை பார்ப்பது நல்லது. அப்புறம், ஸ்கூட்டர் ஓட்டுவதென்றால் உங்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியில் மோட்டார் சைக்கிள் வகுப்பும் இருக்க வேண்டும். கார் வகுப்பு மட்டும் போதாது.

குரலை நான் தமிழுக்கே மாற்றச் சொல்வேன். வெளிநாட்டு ஆங்கிலக் குரல் உளுந்தூர்பேட்டையையும் தொழுதூரையும் சொல்லும் விதத்தில் ஓட்டுநருக்கு எதுவும் பிடிபடாது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் உங்கள் முகத்தைப் பார்ப்பார். தமிழில் பேசினால் நேராக அவரே கேட்டு ஓட்டுவார், பின்னிருக்கையில் அப்பா அம்மா தூங்கலாம். ஆண்ட்ராய்டில் உங்கள் படத்தைத் தொட்டு, Settings, அதில் Navigation, அதில் Voice selection போய் தமிழைத் தேர்ந்தெடுங்கள். திரையில் உள்ள எழுத்து ஆங்கிலத்திலேயே இருக்கும். குரல் மட்டும் மாறும். ஐபோனில் குரல் போனின் மொழியைப் பின்பற்றும்.

லண்டனிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வருபவர்கள் Distance units-ஐயும் கிலோமீட்டருக்கு மாற்றுங்கள். "அரை மைலில் இடதுபுறம்" என்றால் ஓட்டுநர் எங்கே திரும்புவார்? வீட்டு வைஃபையில் இருக்கும்போதே இதையெல்லாம் முடித்து, தெருக்கோடிக் கடை வரை ஒரு சின்ன வழி போட்டுக் குரலைக் கேட்டுவிடுங்கள். தமிழில் வராமல் ஆங்கிலத்திலேயே பேசினால், செயலியை முழுதாக மூடித் திறந்து மறுபடி பாருங்கள்.