இன்வாய்ஸைப் படம் எடுத்து எண்களை எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் தேக்கா பக்கம் ஒரு மளிகைக்கடை. புதிதாகச் சேர்ந்த தம்பி சப்ளையர் இன்வாய்ஸை மேசையில் வைத்துக் குனிந்து, தன் தலை நிழல் அதன்மேல் பாதி விழ ஒரு படம் எடுத்து, உடனே கறுப்பு-வெள்ளை ஃபில்டரைத் தட்டினார். "இப்பப் பளிச்சுன்னு இருக்குல்ல அண்ணே?" எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் நான் காசு கட்டிப் பாடம் படித்த தவறு அதுதான். படம் ஆடியது, கோணலானது பற்றியெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை, அது உங்கள் கண்ணுக்கே தெரியும்.

## நிழலைச் சமன் செய்யாமல் கறுப்பு-வெள்ளை ஆக்குவது

நான் அந்தத் தவறைச் செய்த காலத்தில் என் ஸ்கிரிப்ட் படம் முழுவதற்கும் ஒரே எல்லை எண்ணை வைத்து வெட்டும். அதற்கு மேல் வெள்ளை, கீழே கறுப்பு. ரிப்பன் மங்கிய டாட் மேட்ரிக்ஸ் இன்வாய்ஸ் ஒன்றில் வலது ஓரத்தில் என் கை நிழல். அங்கிருந்த தொகைப் பத்தி முழுக்கக் கறுப்பாகிவிட்டது. விலைப் பத்தி தெரிகிறதே, அது போதும் என்று விட்டேன். அங்கேதான் வினை: வெளிச்சப் பக்கத்தில் 8-இன் இடப்பக்கக் கோடுகள் வெளுத்துப்போய் 3 ஆகியிருந்தன. பெட்டி 38.40 வெள்ளி, நான் எடுத்துக் கொடுத்த பட்டியலில் 33.40. கடைக்காரர் அதை நம்பி 36 வெள்ளிக்கு 40 பெட்டி விற்றார். பெட்டிக்கு 2.40 வீதம் 96 வெள்ளி நட்டம், என் கையிலிருந்து போனது.

எந்த எல்லை எண்ணை வைத்தாலும் அந்தப் படம் தேறியிருக்காது. 0 கறுப்பு, 255 வெள்ளை என்றால், வெளிச்சத்தில் காகிதம் 220, மங்கிய மை 120. நிழலில் காகிதமே 90, மை 49. அதாவது நிழலில் கிடக்கும் வெறுங்காகிதம் வெளிச்சத்தில் உள்ள மையைவிடக் கறுப்பு. இரண்டையும் ஒரே கோட்டால் எப்படிப் பிரிப்பது?

நிழல் காகிதத்தையும் மையையும் ஒரே விகிதத்தில் குறைக்கிறது. அதனால் கழிக்கக் கூடாது, வகுக்க வேண்டும். கழித்தால் ஒரு பக்கம் 100, மறுபக்கம் 41 என்று வித்தியாசம் அப்படியே நிற்கும். ஒவ்வொரு புள்ளியையும் அந்த இடத்துக் காகிதத்தின் வெளிச்சத்தால் வகுத்து 255-ஆல் பெருக்கினால் இரண்டு பக்க மையும் 139 ஆகிவிடும்.

```python
import cv2, numpy as np
g = cv2.imread("inv.jpg", 0)
k = np.ones((61, 61), np.uint8)
bg = cv2.morphologyEx(g, cv2.MORPH_CLOSE, k)
bg = cv2.GaussianBlur(bg, (0, 0), 15)
out = cv2.divide(g, bg, scale=255)
```

`bg =` என்று தொடங்கும் இரண்டு வரிகள் எழுத்தை அழித்து வெறுங்காகிதத்தை மட்டும் ஊகிக்கின்றன. எழுத்து சுமார் 25 புள்ளி உயரம் இருக்கும் படத்துக்கு 61 சரியாக வரும். அந்த எண்ணை மிகச் சின்னதாக வைத்தால் தடித்த எழுத்தின் உட்பக்கத்தையே காகிதம் என்று எண்ணி வெளுத்துவிடும். சந்தேகமிருந்தால் `bg`-ஐச் சேமித்துத் திறந்து பாருங்கள், அதில் எண்களின் சாயல் தெரிந்தால் 61-ஐப் பெரிதாக்குங்கள்.

ஓரம் கூர்மையான நிழலும், மடிப்பின் நிழலும் இதற்கும் முழுதாக அடங்குவதில்லை. ஒரு மெல்லிய கோடு மிஞ்சும், அட்டவணையைப் பிரிக்கும் மென்பொருள் அதைப் பத்திக் கோடு என்று எடுத்துக்கொண்டு 1,250-ஐ 1 என்றும் 250 என்றும் இரண்டாக வெட்டும். தாளை நன்றாக நீவிவிட்டு, சற்றுத் தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

## ஃபிளாஷ்

போடாதீர்கள்.

## பளபளப்பைப் பிறகு சரிசெய்யலாம் என்பது

முடியாது. நிழலில் எண் மங்கித்தான் இருக்கிறது. பளபளப்பில் அந்தப் புள்ளிகள் 255-இல் முட்டி நின்றுவிட்டதால், வகுப்பதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை. லேமினேட் செய்த விலைப்பட்டியலை வீவக வீட்டுச் சமையலறைக் குழல்விளக்குக்கு நேர்கீழே வைத்து எடுத்தால் நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை நிச்சயம். பிளாஸ்டிக் உறையில் இருந்தால் தாளை வெளியே எடுங்கள். லேமினேட் என்றால் தாளைச் சன்னலோரம் நகர்த்துங்கள், அல்லது தாளை அசைக்காமல் நீங்கள் நகர்ந்து இரண்டு படம் எடுங்கள், பட்டை இடம் மாறும், ஒன்றில் மறைந்த வரியை மற்றதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

## அசல் படத்தை அழிப்பது

அந்த 33.40-ஐத் திரும்பப் பார்க்க என்னிடம் அசல் இல்லை.

## கூட்டிப் பார்க்காமல் அனுப்புவது

இப்போதெல்லாம் ஒவ்வொரு வரியிலும் எண்ணிக்கையை விலையால் பெருக்கித் தொகையோடு ஒப்பிடுகிறேன். அப்புறம் எல்லாத் தொகையையும் கூட்டி 1.09-ஆல் பெருக்கினால், 9 சதவீதப் பொருள் சேவை வரியோடு அடியில் அச்சான மொத்தம் வர வேண்டும், சில காசு முன்பின் இருக்கலாம். தம்பியின் படத்தில் 18 வெள்ளி இடித்தது. நிழல் விழுந்த பாதியில் ஒரு வரியையே காணோம்.