ஒழுகும் வகுப்பறைக் கூரை: படத்தின் கீழ் இரண்டு வரி

வகுப்பறைக் கூரை ஒழுகுவதைப் படம் எடுத்துத் தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதும்போது, படத்துக்குக் கீழே எந்த இடம், எப்போது சொட்டுகிறது என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். "கூரை ஒழுகுகிறது, ஆவன செய்யவும்" என்பது மட்டும் போதாது. இப்படி இருக்கட்டும்:

"5ஆம் வகுப்பு அறை, கரும்பலகைக்கு இடப்புற மூலை, சுவரிலிருந்து 3 அடி. மழை நின்ற பிறகும் 2 மணி நேரம் சொட்டியது."

படத்தில் ஈரக்கறை தெரியும், காரணம் தெரியாது. அதைக் காட்டிக்கொடுப்பது நேரம்தான். மழை விட்ட பிறகும் வெகுநேரம் சொட்டினால் பெரும்பாலும் மொட்டைமாடியில் தண்ணீர் தேங்குகிறது. வடிகுழாய் வாயில் சருகு அடைத்திருக்கலாம், அள்ளிப்போட்டாலே தீரக்கூடும். மழை பெய்யும்போது மட்டும் என்றால் விரிசலையோ, ஓட்டுக் கூரையில் உடைந்த ஓடுகளையோ தேட வேண்டும். வெயில் நாளிலும் சொட்டினால் மேலே உள்ள தொட்டியையும் குழாயையும் பாருங்கள். இடம் குறித்திருந்தால் கொத்தனார் மாடி முழுக்கத் தேட வேண்டியதில்லை. ஆனாலும் நீர் சரிவில் ஓடி வேறிடத்தில் இறங்கும் என்பதால், சொட்டுக்கு நேர் மேலே மட்டும் பூசிவிட்டுப் போகக் கூடாது.

காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். "பழுது பார்க்கும்வரை பிள்ளைகளை வேறு அறைக்கு மாற்றவும்" என்பதே கடிதத்தின் முதல் வரியாக இருக்கட்டும். அன்றைக்கே நேரில் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.