ஒரே மடிக்கணினி முன் மூவர்: தானியங்கிச் சட்டமிடல் தடுமாறுவது ஏன், சரிசெய்வது எப்படி

வீடியோ அழைப்பில் நாம் சற்று நகர்ந்தாலும் படம் நம்மைத் தொடர்ந்து வந்து நடுவில் நிறுத்துகிறதே, அந்த வசதிக்கு விண்டோஸ் 11-இல் Automatic framing, அதாவது தானியங்கிச் சட்டமிடல், என்று பெயர். ஆப்பிள் 2021-இல் ஐபேட் ப்ரோவில் Center Stage என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. தனியாகப் பேசுபவருக்கு மிகவும் உதவும் இவ்வசதி, மூவர் சேர்ந்து ஒரே திரையின் முன் அமர்ந்தவுடன் படத்தைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் எதிர்முனையில் இருப்பவரின் கண்ணைச் சோர்வடையச் செய்கிறது.

முதல் படி: கேமரா நகர்வதில்லை என்பதை நேரில் காணுங்கள்

விண்டோஸில் Settings → Bluetooth & devices → Cameras என்று சென்று, உங்கள் கேமராவைத் தேர்ந்தெடுங்கள். அங்கே Automatic framing என்ற பொத்தான் இருந்தால் அதை இயக்குங்கள். இதற்குரிய NPU என்ற செயலிப் பகுதி இல்லாத கணினிகளில் அப்பொத்தான் பொதுவாகத் தோன்றாது. இப்போது முன்னோட்டப் படத்தைப் பார்த்தபடி இடப்பக்கம் மெல்லச் சாயுங்கள். படம் உங்களுடன் வரும், ஆனால் லென்ஸ் அசையாது. கேமரா எப்போதும் முழுக் காட்சியையும் எடுத்துக்கொண்டிருக்கிறது. மென்பொருள் அதில் முகம் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி அனுப்புகிறது. அதனால்தான் 1920 பிக்சல் அகலமுள்ள படத்தில் பாதி அகலத்தை வெட்டினால் 960 பிக்சல் மட்டுமே எஞ்சி, முகம் சற்று மங்கலாகிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். இவ்வசதி பேசுபவரைத் தொடர்கிறது என்று பலரும் சொல்கிறோம். உண்மையில் மடிக்கணினியில் அது தொடர்வது முகத்தை, குரலை அன்று. பல மைக்குகளை வரிசையாக வைத்து, ஒலி வரும் திசையைக் கணித்துப் பேசுபவர் பக்கம் திரும்பும் கருவிகள் கூட்ட அறைகளுக்கென்று தனியே உள்ளன.

இரண்டாம் படி: மூவரை அமர வைத்துச் சோதியுங்கள்

முகங்களை மட்டுமே நம்பியிருப்பதன் விளைவு இப்போது தெரியும். 1920 பிக்சல் அகலமுள்ள படத்தில் இடப்பக்கத்திலிருந்து 400, 900, 1500 ஆகிய இடங்களில் மூன்று முகங்கள் இருப்பதாகக் கொள்வோம். இரு புறமும் 150 பிக்சல் இடைவெளி விட்டால், மூவரையும் உள்ளடக்கி வெட்டப்படும் பகுதி, அதாவது சட்டம், 250-இல் தொடங்கி 1650-இல் முடியும், அகலம் 1400. வலப்பக்கம் இருப்பவர் குறிப்பெழுதத் தலையைக் குனிகிறார். மென்பொருளால் அவர் முகத்தை அடையாளம் காண முடியவில்லை. எஞ்சிய இருவருக்கென்று சட்டம் 250 முதல் 1050 வரை, அதாவது 800 பிக்சலாகச் சுருங்குகிறது. மற்ற இருவரின் முகங்களும் 1.75 மடங்கு பெரிதாகின்றன. அவர் நிமிர்ந்தவுடன் எல்லாம் மீண்டும் சிறிதாகிறது.

இன்னும் வருத்தமானது, குனிந்தபடியே அவர் பேசத் தொடங்கினால் குரல் மட்டும் கேட்கும், ஆள் படத்தில் இருக்கமாட்டார். எங்கள் குழுவின் மாதக் கூட்டமொன்றில் வரவுசெலவுக் கணக்கைப் பார்த்துப் படித்தவர் இப்படித்தான் நெடுநேரம் காணாமற்போனார். அறையில் இருந்த எங்களில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

முகம் மறைந்ததும் உடனே சுருங்காமல் சிறிது நேரம் காத்திருக்கும்படி மென்பொருளை அதை உருவாக்குபவர்கள் அமைக்கலாம்தான். ஆனால் காத்திருப்பு நீண்டால் புதிதாக வந்து அமர்பவர் படத்தில் சேரத் தாமதமாகும், குறைந்தால் படம் துள்ளும்.

மூன்றாம் படி: காரணத்தைப் பிரித்தறியுங்கள்

பின்னால் ஒருவர் நடந்துபோகும்போது மட்டும் சட்டம் விரிந்தால், காரணம் அவர் முகம். யாருமே நகராதபோது வெற்றுச் சுவர்ப்பக்கம் விரிந்தால், அங்கே மாட்டியுள்ள புகைப்படத்தையோ ஓடும் தொலைக்காட்சியையோ ஐயப்படுங்கள். துணியால் மூடிப் பார்த்தால் தெரிந்துவிடும். அழைப்புச் செயலியிலும் இதே போன்ற வசதி இருந்து, அதுவும் இயங்கிக்கொண்டிருந்தால், விண்டோஸ் வெட்டிய படத்தையே அது மறுபடியும் வெட்டும். எனவே இரண்டில் ஒன்றை அணைத்துவிட்டுச் சோதியுங்கள்.

நான்காம் படி: திருத்துங்கள்

நெருங்கி அமர்வது ஓரளவு பயன் தரும். முகங்கள் 600, 900, 1200 ஆகிய இடங்களுக்கு வந்தால் சட்டம் 900 பிக்சல். ஓரத்தில் இருக்கும் ஒருவர் முகம் மறைந்தால் 600. பெரிதாகும் அளவு 1.75-லிருந்து 1.5 மடங்காகக் குறைகிறதே தவிர, ஆட்டம் நிற்பதில்லை. ஆகவே மூவரோ அதற்கு மேற்பட்டவரோ அமரும் கூட்டங்களில் இவ்வசதியை அணைத்துவிடுவதே சரி என்பது என் முடிவு. அழைப்பின் நடுவிலும் Windows + A விசைகளை அழுத்தி, Studio effects பகுதியில் அதை அணைக்கலாம்.

அணைத்தபின் எல்லோரும் முழுமையாகத் தெரியும்வரை மடிக்கணினியைப் பின்னால் நகர்த்துங்கள். தொலைவு கூடுவதால் குரல் தேய்ந்தால், தனி மைக் ஒன்றை மேசை நடுவில் வையுங்கள். பிறகு ஓரத்தில் இருப்பவரைப் பத்து விநாடி குனிந்தபடி பேசச் சொல்லி, அப்போதும் அவர் படத்தில் இருக்கிறாரா என்று எதிர்முனையில் இருப்பவரிடம் கேட்டுக்கொண்டு கூட்டத்தைத் தொடங்குங்கள்.