ஐவிஆர் குரல்பதிவு: 8000-இலேயே பதிவு செய்யாதீர்கள்

‘ஒன்றை அழுத்தவும்’ என்று சொல்லும் தானியங்கி போன் சேவைதான் ஐவிஆர். அதற்கான அறிவிப்புகளைப் பதிவு செய்வது எங்கள் வேலை. போன மாதம் எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தம்பி ரெக்கார்டிங் மென்பொருளைத் திறந்து, செட்டிங்கை 8000 ஹெர்ட்ஸ், மோனோ, ஏ-லா என்று மாற்றிவிட்டு மைக்கை ஆன் செய்யப் போனான். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். “போனில் அவ்வளவுதானே அண்ணா போகுது, எதுக்கு 48000?” என்றான். பல வருடங்களுக்கு முன் நான் கேட்ட அதே கேள்வி. ஃபேனை அணைப்பது, மொபைலை சைலண்டில் போடுவது போன்றவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது இதைத்தான்.

போனுக்கான செட்டிங் கடைசி படி, முதல் படி அல்ல

சாதாரண போன் லைனில் ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் போகும். அதற்கு ஒலியை நொடிக்கு 8000 முறை அளந்தால், அதாவது 8000 சாம்பிள் எடுத்தால் போதும். செட்டிங்கில் வரும் 8000 ஹெர்ட்ஸ் அதுதான். அந்த எண்ணில் பாதி வரையிலான ஒலிதான், அதாவது 4000 ஹெர்ட்ஸ் வரைதான், கோப்பில் பதியும். ஒவ்வொரு சாம்பிளையும் 8 பிட்டில் அடக்குவதுதான் ஏ-லா. இந்தியாவில் இது, அமெரிக்காவில் மியூ-லா. இந்தக் கணக்கு லைனுக்குச் சரி. பதிவுக்கு அல்ல.

நான் அந்தக் கேள்வியைக் கேட்ட காலத்தில் ஒரு பரிசோதனைக்கூட நிறுவனத்துக்கு 62 தமிழ் அறிவிப்புகள். அல்சூரில் இருந்து ஒரு அக்கா வந்து மூன்று மணி நேரம் அருமையாகப் பேசிக்கொடுத்தார். நான் எல்லாவற்றையும் நேரடியாக 8000-இல், ஏ-லாவில் பதிந்தேன். வேறு பிரதி வைக்கவில்லை. கேட்டால் குரல் கொஞ்சம் தாழ்வாக இருந்தது. சத்தத்தைக் கூட்டிச் சேமித்தேன். மின்சார ஊளையை வடிகட்டி மறுபடி சேமித்தேன். ஏ-லாவில் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் சாம்பிள்கள் புதிதாக 8 பிட்டுக்குள் நசுக்கப்படுகின்றன. அந்தப் பிழை குரலோடு ஒட்டிக்கொண்டு கரகரப்பாகக் கேட்கும். குரல் நின்றால் அதுவும் நின்றுவிடும். அதனால் இடைவெளியைக் கேட்டுப் பார்த்து ‘சுத்தமாக இருக்கிறது’ என்று நினைத்துவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து அந்த நிறுவனம் தன் ஆப்பில் 16000 ஹெர்ட்ஸ் குரல் அழைப்பைக் கொண்டுவந்தது. அதே குரல், அதே அறிவிப்புகள், தெளிவாக வேண்டும் என்றார்கள். என் கோப்புகளில் 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவுமே இல்லை. கோப்பை 16000 என்று மாற்றினாலும் இல்லாத ஒலி திரும்பி வராது. அக்கா அதற்குள் கோயம்புத்தூருக்குக் குடிபோய்விட்டார். வேறொரு குரலை வைத்து 62-ஐயும் முதலிலிருந்து பதிந்தோம், என் செலவில். இன்றும் யாராவது 8000 என்று அமைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆகவே 48000 ஹெர்ட்ஸ், 24 பிட், மோனோவில் பதியுங்கள். வெட்டுவது, சத்தம் சரிசெய்வது எல்லாம் அந்தக் கோப்பிலேயே நடக்கட்டும். அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, கடைசியில் sox என்ற ஒலி மாற்றும் மென்பொருளில் இந்தக் கட்டளையால் ஒரே ஒரு முறை மாற்றுங்கள்:

```
sox master.wav -r 8000 -c 1 -e a-law prompt.wav
```

மாற்றுவதையும் சொந்த ஸ்கிரிப்டில் செய்யாதீர்கள்

48000-ஐ 8000 ஆக்க ஆறுக்கு ஒரு சாம்பிளை எடுத்தால் போதும் என்று தோன்றும். அப்புறம்தான் பிரச்சினை. புதிய கோப்பில் 4000 வரைதான் இடம் இருக்கிறது. அதற்கு மேலே இருப்பதை முன்பே வடிகட்டவில்லை என்றால் அது மடங்கிக் கீழே விழும். 5500 ஹெர்ட்ஸில் இருந்த சீறல் 2500-இல் வந்து உட்காரும், அதாவது பேச்சு இருக்கும் இடத்திலேயே. ‘ஸ்’ ஒலியில் மேல்சீறல் அதிகம். ‘ஸ்கேன்’ என்று சொல்லும்போது தகரத்தைச் சுரண்டுவது போலக் கேட்டால் இதுதான் காரணம். வந்தபின் நீக்க வழியில்லை. மேலே உள்ள கட்டளையில் அந்த வடிகட்டல் தானாகவே நடந்துவிடுகிறது.

எம்பி3-இல் வாங்காதீர்கள்

ஒரு முறை நசுங்கியதை மறுபடி நசுக்க வேண்டாம்.

எண்ணை முதலில் சொல்லாதீர்கள்

“இரண்டை அழுத்தவும், பில் விவரங்களுக்கு” என்றால், விஷயம் தெரியவரும்போது எண் மறந்திருக்கும். “பில் விவரங்களுக்கு, இரண்டை அழுத்தவும்” என்பதே தமிழுக்கும் இயல்பு.

பின்னணி இசை

வேண்டவே வேண்டாம்.

ஹெட்போனில் கேட்டு முடிவு செய்யாதீர்கள்

‘எஃப்’, ‘எஸ்’ இரண்டையும் பிரித்துக் காட்டும் சீறல் பெரும்பாலும் 3400-க்கு மேலே இருக்கிறது. ஹெட்போனில் 48000 கோப்பைக் கேட்டால் இரண்டும் தெளிவு, லைனில் ஒன்றுபோலவே ஒலிக்கும். அதனால் ‘எஃப்’ வரிசை, ‘எஸ்’ வரிசை என்று எழுத்தை நம்பி ஒரு அறிவிப்பை எழுதிக் கொடுத்தால், வாசகத்தை மாற்றச் சொல்லி நான் திருப்பி அனுப்பிவிடுவேன். எல்லாம் முடிந்ததும் கோப்பைச் சிஸ்டத்தில் ஏற்றி, சில்க் போர்டு பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு என் மொபைலில் இருந்தே அந்த எண்ணைக் கூப்பிடுவேன். பஸ்கள் ஹாரன் அடிக்கும் நடுவில் எந்த எண்ணை அழுத்துவது என்று முதல் தடவையிலேயே புரிந்தால், அன்றைக்கே வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுவேன்.