எப்போ ரெண்டாவது சில்லர்: எங்க பிளான்ட்ல நான் மாத்தினது

எங்க கேம்பஸ்ல மூணு 500 டன் சென்ட்ரிஃபியூகல் சில்லர், எல்லாத்துலயும் மோட்டார் வேகத்தை லோடுக்கு ஏத்த மாதிரி மாத்தற விஎஃப்டி. ஆனா ஒண்ணு 95% தொட்டாதான் அடுத்தது ஆன் ஆகும்னு பழைய லாஜிக். ட்ரெண்ட் டேட்டாவ எடுத்து ஒவ்வொரு லோடுக்கும் டன்னுக்கு எத்தனை கிலோவாட்னு கர்வ் போட்டேன். 480 டன் லோடு, கண்டென்சர் தண்ணி 24 டிகிரி: ஒண்ணே இழுத்தா டன்னுக்கு 0.50, மொத்தம் 240 கிலோவாட். ரெண்டா பிரிச்சா 0.36, அதாவது 173 தான், கூடுதல் பம்புங்க 40 தின்னாலும் 27 மிச்சம். அதே தண்ணி 31 டிகிரின்னா ஒண்ணுக்கு 0.60, ரெண்டுக்கு 0.56, குறையறது வெறும் 19 கிலோவாட், பம்ப் அதையும் முழுங்கிடும், அப்போ ஒண்ணே ஓடட்டும். அதனால அடுத்த சில்லர் ஆன் ஆகற ஸ்டேஜிங் பாயிண்ட்டை கண்டென்சர் தண்ணி டெம்பரேச்சரோட சேத்து நகர்ற மாதிரி வச்சேன், சும்மா சும்மா ஆன் ஆஃப் ஆகாம இருக்க 30 நிமிஷம் மினிமம் ரன்டைமும் போட்டாச்சு. ஒரு விஷயம், ஃப்ளோ மீட்டர் தப்பா காட்டினா டன்னே தப்பு, கர்வும் குப்பைதான், முதல்ல அதை செக் பண்ணுங்க.